கட்டம் நகராது, ‘இன்று’ நகரும்

சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் அச்சாகாத மூன்று சொற்கள் உண்டு: நேற்று, இன்று, நாளை. தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம் என எல்லாமே அதில் இருக்கும். இந்த மூன்று மட்டும் இருக்காது. இருக்கவும் முடியாது. 2026 பிப்ரவரி 11 என்பது புதன்கிழமை. யார் எப்போது பார்த்தாலும் புதன்கிழமைதான். அதே நாள் ஒருவருக்கு ஒரு காலையில் ‘நாளை’, அடுத்த காலையில் ‘இன்று’, அதற்கடுத்த காலையில் ‘நேற்று’. தேதியும் கிழமையும் கட்டத்தோடு ஒட்டியிருக்கும் பெயர்கள். நேற்றும் இன்றும் நாளையும் அந்தக் கட்டங்களின் மேல் தினமும் ஒவ்வோர் இடமாக நகர்ந்துகொண்டே இருப்பவை. காலண்டர் பார்க்கப் பழகும் நாலு வயதுக் குழந்தைக்கு உள்ள பெரிய சிக்கல் இதுதான். எண்களைப் படிப்பது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

குழந்தையின் பேச்சிலேயே இந்தச் சிக்கல் வெளிப்படும். “நாளைக்குப் பாட்டி வந்தாங்க” என்று மூன்று வயதுக் குழந்தை சொல்லும். ‘வந்தாங்க’ என்ற வினை சரி. பாட்டி வந்து போய்விட்டார் என்பது குழந்தைக்குத் தெரியும். ‘நாளைக்கு’தான் தவறு. இந்த வயதில் அந்தச் சொல்லுக்கு ‘இன்று அல்லாத வேறொரு நாள்’ என்பதற்கு மேல் பொருள் இருப்பதில்லை. பல வீடுகளில் ‘அன்னைக்கு’ என்ற சொல்லும் இதே வேலையைச் செய்யும். போன வாரம் நடந்ததும் போன தீபாவளிக்கு நடந்ததும் எல்லாமே ‘அன்னைக்கு’தான். இதைத் தப்பு என்று சொல்லித் திருத்தினால் குழந்தை அந்தச் சொல்லையே விட்டுவிடும். “ஆமா, நேத்து பாட்டி வந்தாங்க. முறுக்கு குடுத்தாங்க, இல்ல?” என்று சரியான சொல்லை வைத்துத் திருப்பிச் சொல்வது போதும். தமிழில் வினைமுற்றே காலத்தைக் காட்டிக்கொடுப்பதால், ‘நேத்து – வந்தாங்க’, ‘நாளைக்கு – வருவாங்க’ என்று இரண்டும் சேர்ந்தே காதில் விழுந்தால் எது எதோடு போகும் என்பது மெல்லப் பிடிபடும்.

இந்தச் சொற்கள் ஒரே நாளில் முழுதாகப் பிடிபடுவதில்லை. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம் கேத்தரின் டில்மன், டேவிட் பார்னர் ஆகியோர் தங்கள் குழுவினருடன் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு கோட்டைக் கொடுத்து, நேற்று எங்கே, நாளை எங்கே, போன வாரம் எங்கே என்று குறிக்கச் சொன்னார்கள். நேற்று என்பது முடிந்த பக்கம், நாளை என்பது வரப்போகும் பக்கம் என்பதும், எது முன், எது பின் என்பதும் பள்ளிக்குப் போகும் முன்பே படிப்படியாக வருகின்றன. எவ்வளவு தூரம் என்பது அதற்கும் பிந்தித்தான் வருகிறது. நாலு வயதுக் குழந்தை, ஊருக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கும்போது காலையில் எழுந்ததும் பையை எடுத்து வைத்துக்கொள்வது அடத்தால் அல்ல. பக்கம் தெரிகிறது, தூரம் தெரியவில்லை.

தூரத்தைக் கண்ணால் பார்க்க உதவுவதுதான் காலண்டர். ஆனால் எந்தக் காலண்டர் என்பது முக்கியம். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இரண்டு தொங்கும். ஒன்று தினமும் கிழிக்கும் காலண்டர், மற்றொன்று மாதத்துக்கு ஒரு தாள் உள்ள காலண்டர். இரண்டும் குழந்தைக்கு வேறு வேறு விஷயங்களைச் சொல்லித் தரும்.

கிழிக்கும் காலண்டர் ‘இன்று’ என்பதை மட்டும் காட்டும். ஒரு தாள், ஒரு நாள். அதைக் குழந்தையின் வேலையாகவே விட்டுவிடலாம், அட்டையைக் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினால். கிழிக்கும் நேரத்தை மட்டும் வீட்டில் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் இரவு படுக்கப் போகும்போதே தாத்தா மறுநாள் தாளைக் காட்டிவிடுவார். அப்போது ‘இன்று’ எது என்று குழந்தைக்குக் குழம்பும். தூங்கி எழுந்ததும் கிழிப்பதே நல்லது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாள் மாறுகிறது என்பது நாலு வயதுக்கு எட்டாத சங்கதி. அந்தத் தாளில் உள்ள பஞ்சாங்கமே நாளைச் சூரிய உதயத்திலிருந்துதான் கணக்கிடுகிறது என்பதால், குழந்தையின் கணக்கு அப்படியொன்றும் புதிதல்ல.

அந்தத் தாளில் இருப்பது அனைத்தையும் காட்ட வேண்டியதில்லை. பிப்ரவரி 11ஆம் தேதித் தாளை எடுத்துக்கொண்டால், நடுவில் பெரிதாக 11, அருகில் விசுவாவசு வருடம் தை 28, சில காலண்டர்களில் இஸ்லாமிய மாதத் தேதியும் இருக்கும். கீழே நல்ல நேரம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் என்று எண்கள் கொட்டிக் கிடக்கும். எண் படிக்கத் தெரிந்த குழந்தை இதில் எதையாவது படித்துவிட்டு, இன்று 28 என்று சொல்லும், அதுவும் பொய்யில்லைதான். தொடக்கத்தில் நடுவில் உள்ள பெரிய எண்ணும் கிழமையின் பெயரும் மட்டும் போதும். “பெரிய நம்பர் என்ன?”, “என்ன கிழமை?” என்ற இரண்டு கேள்விக்கு மேல் காலை நேரத்தில் தேவையில்லை.

கிழித்த தாளைக் குப்பையில் போடாமல் இருப்பது ஒரு நல்ல உத்தி. கிழித்த கணமே அது ‘நேற்று’ ஆகிறது. அந்தத் தாளைக் காலண்டருக்கு இடப்பக்கம் சுவரில் ஒட்டிவைத்தால், குழந்தை கையாலேயே இன்றை நேற்றாக்குகிறது. நாளை எங்கே என்று கேட்டால் இன்றைய தாளைத் தூக்கி அடியில் இருப்பதைக் காட்டலாம். நேற்று வெளியே, இன்று மேலே, நாளை அடியில். இது சரியாக நடப்பதற்குத் தினமும் கிழித்திருக்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் காலண்டர் நாலு நாள் பின்னால் நிற்கும். அப்போது நாலு தாளையும் ஒரேயடியாகக் கிழித்துவிடாமல், ஒவ்வொன்றாகக் கிழித்து “இது நாம ரயில்ல போன நாள், இது சித்தி வீட்டுல இருந்த நாள்” என்று சொல்லிக்கொண்டே வருவது, காலண்டர் தானாக ஓடுவதில்லை என்பதையும் சேர்த்தே கற்றுத்தரும்.

கிழிக்கும் காலண்டரின் குறை, அதில் வாரம் கண்ணுக்குத் தெரியாது என்பது. அதற்கு மாதக் காலண்டர் வேண்டும். அங்கேதான் பெற்றோர் அதிகம் அவசரப்படுவதும் நடக்கிறது. முப்பத்தொரு கட்டங்களைக் காட்டி “இன்னைக்கு எங்கே இருக்கு?” என்று கேட்டால் குழந்தை தடுமாறும். வரிசையில் இடமிருந்து வலமாகப் போய், முடிவில் கீழே இறங்கி மறுபடி இடப்பக்கம் வர வேண்டும் என்ற பழக்கம், எழுத்துப் படிக்கத் தொடங்காத குழந்தைக்கு இன்னும் வந்திருக்காது. போதாக்குறைக்கு நம் ஊர்க் காலண்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி அச்சாவதில்லை. சிலவற்றில் கிழமைகள் மேலே இருக்கும், தேதி பக்கவாட்டில் ஓடும். சிலவற்றில் கிழமைகள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும், தேதியும் மேலிருந்து கீழாக ஓடும். வீட்டில் இருப்பது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரு வகை, பாட்டி வீட்டில் இன்னொரு வகை என்றிருந்தால், தொடக்கத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

தொடங்குவதற்கு நல்ல மாதம், கெட்ட மாதம் என்றும் உண்டு, இது ஜோசியமில்லை. 2026 பிப்ரவரியைப் போல நல்ல மாதம் எப்போதாவதுதான் அமையும். 1ஆம் தேதி ஞாயிறு, 28ஆம் தேதி சனி. ஏழு ஏழாக நாலு வரிசை, ஒரு வெற்றுக் கட்டம்கூட இல்லை. இதற்கு முன் 2015இல் இப்படி வந்தது, இனி 2037இல்தான் வரும். மற்ற மாதங்களில் தொடக்கத்திலோ முடிவிலோ வெற்றுக் கட்டம் இருக்கும். அதைவிடத் தொல்லை, இடம் போதாமல் கடைசித் தேதிகளை மேலே கொண்டுபோய் வைப்பது. 2026 ஆகஸ்டில் 1ஆம் தேதி சனிக்கிழமை. 30 ஞாயிறும் 31 திங்களும் ஆறாவது வரிசைக்குப் போக வேண்டியவை. ஐந்து வரிசைதான் அச்சடிப்போம் என்று வைத்துக்கொண்ட காலண்டரில் அவை முதல் வரிசையில், 1க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். மேல் இடது மூலையிலிருந்து படிக்கும் குழந்தை 30, 31 என்று தொடங்கி நாலு கட்டம் தாண்டி 1 என்று படிக்கும். அதைச் சரியாகப் படித்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தாள்தான் தவறான வரிசையில் இருக்கிறது. அம்மாதிரி மாதங்களில் அந்த இரண்டு கட்டங்களையும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து, கீழே தனி வரிசையாக எழுதிவிடலாம்.

பிப்ரவரியையே எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தைச் செய்து பார்க்கலாம். மாதத் தாளை நகலெடுத்து நாலு வரிசையையும் தனித்தனியாக வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நீளமாக ஒட்ட வேண்டும். இருபத்தெட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரே பட்டை கிடைக்கும். அதைக் குழந்தையின் கண் உயரத்துக்குச் சுவரில் ஒட்டலாம். அடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, மூன்று கட்டங்கள் தெரியும்படி மூன்று ஜன்னல் வெட்ட வேண்டும். ஜன்னல்களின் மேல் நேற்று, இன்று, நாளை என்று எழுதலாம். படிக்கத் தெரியாத குழந்தைக்கு நடு ஜன்னலைச் சுற்றி நீலக் கோடு போட்டால் போதும். சிவப்பு வேண்டாம், காலண்டரில் ஞாயிறு சிவப்பு.

8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் போனதாக வைத்துக்கொள்வோம். அன்று மாலை குழந்தை 8 என்ற கட்டத்தில் ஒரு பஸ் வரையும். 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார் என்றால், அந்தக் கட்டத்தில் மாமாவின் மீசை. திங்கள் காலை அட்டையை வைத்தால் ஜன்னல்களில் 8, 9, 10 தெரியும். பஸ் படம் ‘நேற்று’ ஜன்னலில். “நேத்து என்ன பண்ணினோம்?” என்றால் பஸ்ஸைப் பார்த்துச் சொல்லிவிடும். செவ்வாய் காலை குழந்தையே அட்டையை ஒரு கட்டம் தள்ளும். இப்போது 9, 10, 11. பஸ் ஜன்னலை விட்டு வெளியே போய்விட்டது. இங்கே குழந்தை முகத்தில் ஒரு திகைப்பு தெரியும். அத்தை வீட்டுக்குப் போனது நேற்று இல்லையா? இல்லை, முந்தாநாள். அந்தச் சொல்லுக்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டம். அதேபோல வலப்பக்கம் ‘நாளை மறுநாள்’. பல வீடுகளில் ‘நாளான்னைக்கு’ என்பார்கள். வீட்டில் சொல்வதையே சொல்லலாம்.

நகர்த்தும்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அட்டைதான் நகர்கிறது, கட்டம் நகரவில்லை. பஸ் வரைந்த ஞாயிறு ஞாயிறாகவே இருக்கிறது. “இன்னைக்குத்தான் நாளைக்கா?” என்று புதன் காலையில் குழந்தை கேட்கக்கூடும். சிரிக்கத் தோன்றினாலும் சரியான கேள்வி அது. செவ்வாயன்று ‘நாளை’ என்று காட்டியது இதே கட்டத்தைத்தானே. “நேத்து நாளைக்குன்னு சொன்னோமே, அந்த நாள் வந்தாச்சு. இப்ப அதுக்குப் பேரு இன்னைக்கு” என்று அட்டையைத் தள்ளியபடி சொன்னால் போதும். இதற்கு விளக்கம் கூடக்கூடக் குழப்பமும் கூடும்.

மாமா வரும் நாளை எண்ணும்போது இன்னொரு தவறு நிச்சயமாக வரும். புதன் 11இல் நின்றுகொண்டு, 15 வரை எத்தனை நாள் என்று கேட்டால் குழந்தை 11, 12, 13, 14, 15 என்று கட்டங்களைத் தொட்டு ஐந்து என்று சொல்லும். பெரியவர் நாலு என்பார். குழந்தை மறுபடி எண்ணிப் பார்த்து ஐந்து என்றே சொல்லும், ஏனென்றால் கட்டங்கள் ஐந்துதான். கட்டத்தை எண்ணாமல் இரவை எண்ணச் சொன்னால் இது தீர்ந்துவிடும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு விரலால் தாவும் ஒவ்வொரு தாவலும் ஒரு தூக்கம். “இன்னும் நாலு ராத்திரி தூங்கினா மாமா.” இடையிலுள்ள கோடுகளில் சிறிய நிலா வரைந்துவிட்டால் எண்ணுவது இன்னும் எளிது.

சனிக்கிழமை 14 வந்ததும் பட்டையின் பயன் தெரியும். ‘நாளை’ ஜன்னல் எந்தத் தடங்கலும் இல்லாமல் 15இன் மேல் போய் நிற்கும். மாதத் தாளில் இதே அட்டையை வைத்தால் மூன்றாவது ஜன்னல் தாளுக்கு வெளியே சுவரைக் காட்டும். பட்டையில் இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகு, அதை மறுபடி ஏழு ஏழாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்லலாம். சனிக்குப் பிறகு ஏன் கீழே இறங்கி இடப்பக்கம் போக வேண்டியிருக்கிறது என்பதைக் குழந்தை கையால் செய்து பார்த்துவிடும். அடுக்கி முடித்ததும் இன்னொன்றும் தானாகத் தெரியும். ஞாயிறெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, சிவப்பாக, ஒரே வரிசையில் நிற்கின்றன. 1, 8, 15, 22. வாரம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

சிவப்பு நிறத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘சிவப்புன்னா ஞாயித்துக்கிழமை’ என்று குழந்தை முடிவுகட்டிவிடும். 2026 ஜனவரியில் 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு என்று நாலு சிவப்பு அடுத்தடுத்து வந்தன. 26ஆம் தேதி திங்கள் குடியரசு நாள். சிவப்பு என்றால் ‘லீவு’ என்று சொல்லிப் பழக்குவதே சரி. ஞாயிறு என்பதை நிறத்தை வைத்து அறியாமல், எந்த வரிசையில் இருக்கிறது என்பதை வைத்து அறிய வேண்டும்.

கிழமைப் பெயர்களைப் பாட்டாக ஒப்பிப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நாலு வயதிலேயே வந்துவிடும். அதை வைத்து வாரம் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. சோதிப்பது எளிது. “வியாழனுக்கு அப்புறம் என்ன?” என்று கேட்டால், உதடு அசைய ஞாயிறு, திங்கள் என்று தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்து ‘வெள்ளி’ என்று நிற்கும் குழந்தைக்குப் பாட்டுத் தெரியும், வாரம் இன்னும் தெரியவில்லை. “சனிக்கு அப்புறம்?” என்றால் பாட்டு முடிந்துவிடுவதால் பதிலே வராது. “புதனுக்கு முன்னாடி?” என்பது இன்னும் கடினம், பாட்டைப் பின்னோக்கிப் பாட முடியாது. பாட்டை அவ்வப்போது புதனிலிருந்தோ வெள்ளியிலிருந்தோ தொடங்கிச் சனியைத் தாண்டி ஞாயிற்றுக்குப் போக வைப்பது நல்லது. அதைவிட, ஒவ்வொரு கிழமைக்கும் வீட்டில் நடக்கும் ஒன்றைக் கட்டிவிடுவது உதவும். வெள்ளி என்றால் கோயில், செவ்வாய் என்றால் தெருமுனைச் சந்தை, சனி என்றால் எண்ணெய்க் குளியல். இப்படி ஒன்றிரண்டு கிழமைகள் ஊன்றிக்கொண்டால், மற்றவை அவற்றுக்கு முன்னும் பின்னுமாக இடம் பிடித்துக்கொள்ளும். ஏழுக்கும் ஏழு தேட வேண்டாம்.

காதில் விழுவது ஒன்று, அச்சில் இருப்பது ஒன்று என்பதும் தமிழ்க் குழந்தைக்கு உள்ள கூடுதல் சுமை. வீட்டில் கேட்பது ‘ஞாயித்துக்கெழம’, ‘வியாழக்கெழம’. தாளில் இருப்பது ஞாயிறு, வியாழன். எல்கேஜியில் சொல்வது சண்டே, தேர்ஸ்டே. மூன்றும் ஒரே நாள் என்று சொல்லிப் புரியவைப்பதைவிட, எந்தப் பெயரைச் சொன்னாலும் அதே கட்டத்தில் விரல் வைக்கச் செய்வது விரைவில் பலிக்கும். ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று சுருக்கி அச்சடித்த காலண்டரில் வியும் வெயும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் குழந்தை மாற்றிப் படிக்கும். எழுத்துகள் நன்றாகப் பழகும் வரை கிழமையை முழுதாக எழுதி ஒட்டிவிடுவது நல்லது. பள்ளியின் டைம் டேபிள் திங்களில் தொடங்கும், காலண்டர் ஞாயிற்றில் தொடங்கும். இரண்டையும் அடுத்தடுத்து மாட்டாமல் இருந்தால் ஒரு குழப்பம் குறையும்.

மாதம் முடியும் நாளில் அட்டை மறுபடி சுவரைக் காட்டும். பிப்ரவரி 28 சனிக்கிழமை ‘நாளை’ என்பது அந்தத் தாளிலேயே இல்லை. அன்று மாலையே மார்ச் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, 28க்கு அடுத்து 29 வராமல் 1 வருவதைக் காட்டிவிட வேண்டும். எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது, கிழமை மட்டும் சனிக்குப் பின் ஞாயிறு என்று தன்பாட்டில் போகிறது. இதுவும் குழந்தைக்கு வியப்பானதே. ‘போன வெள்ளி’, ‘வர்ற வெள்ளி’ என்பவற்றை ஆறு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ‘அடுத்த வெள்ளி’ எது என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே சண்டை வருவதுண்டு.

தேதியும் கிழமையும் தடுமாறாமல் வந்த பிறகு, இத்தனை நாள் கையால் மறைத்துவைத்த அந்த இன்னோர் எண்ணைத் திறந்து காட்டலாம். பிப்ரவரி 11இல் 28 என்றிருந்த தமிழ்த் தேதி, பிப்ரவரி 13இல் மாசி 1 என்று மாறிவிடும். பெரிய எண் பதிமூன்றில் இருக்கும்போது சின்ன எண் ஏன் ஒன்றுக்குத் திரும்பியது என்று கேட்கும் குழந்தைக்கு, ஒரே நாளை இரண்டு விதமாக எண்ணுகிறோம் என்ற பதில் அந்த வயதில் புரியும்.